ஒரே எண்ணில் இரண்டு விநாடிகள்: லீப் விநாடியும் கணினிக் கடிகாரமும்

2017 ஜனவரி முதல் தேதி அதிகாலை, இந்திய நேரம் 5 மணி 29 நிமிடம் 59 விநாடி ஆனதும் அடுத்து 5:30 பிறக்கவில்லை. இடையில் 5:29:60 என்று எழுதப்பட வேண்டிய ஒரு கூடுதல் விநாடி, லீப் விநாடி, வந்து போனது. உலக நேரக் கணக்கான யூடிசியில் அது 2016 டிசம்பர் 31, 23:59:60. நமது நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், நள்ளிரவில் சேர்க்கப்படும் இந்த விநாடி நமக்கு எப்போதும் விடியற்காலையில்தான் வரும். 1972 முதல் இவ்வாறு 27 விநாடிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கடைசியாகச் சேர்க்கப்பட்டது இதுவே.

சுவர்க் கடிகாரத்தில் ஒரு விநாடி கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் கணினிகளில் இந்த ஒரு விநாடி சேவைகளை நிறுத்தியிருக்கிறது, செயலிகளை வீணாகச் சுழல விட்டிருக்கிறது. கூடுதல் விநாடியைக் கணினியால் எண்ண முடியாது என்பது இதற்குக் காரணமன்று. நேரத்தைக் குறிக்க நாம் தேர்ந்தெடுத்த எண்ணில் அந்த விநாடிக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை என்பதே காரணம்.

முதலில் இந்த விநாடி எதற்காகச் சேர்க்கப்படுகிறது என்று பார்த்துவிடலாம். நெடுங்காலம் விநாடி என்பது நாளின் ஒரு பகுதியாகவே இருந்தது. சராசரி சூரிய நாளை 86,400 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விநாடி. 1967இல் அந்த உறவு முறிந்தது. சீசியம்-133 அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளுக்கு ஆகும் காலமே ஒரு விநாடி என்று வரையறுத்தார்கள். பழைய வானியல் விநாடியோடு இசைந்திருக்கும்படி அந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பழைய விநாடி, 18, 19ஆம் நூற்றாண்டுகளின் வானியல் பதிவுகளிலிருந்து கணக்கிடப்பட்டது. ஆகவே அணு விநாடிகள் 86,400ஐ அடுக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 1820ஆம் ஆண்டில் பூமி ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நாளின் நீளம். இன்றைய நாளின் நீளம் அன்று.

நிலவின் ஈர்ப்பால் எழும் கடல் ஏற்றவற்றங்களின் உராய்வு பூமியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்திவருகிறது. 1970களில் ஒரு நாள், 86,400 அணு விநாடிகளைவிட இரண்டு மூன்று மில்லி விநாடிகள் நீளமாக இருந்தது. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு லீப் விநாடியும் பூமி மேலும் தளர்ந்துவிட்டதைக் காட்டுகிறது என்று நினைக்கிறோம், அப்படியில்லை. பூமி அதற்கு மேல் சிறிதும் தளராமல், நாள் என்றென்றைக்கும் இரண்டு மில்லி விநாடி நீளமாகவே இருந்தாலும், அந்த மிச்சம் நாள்தோறும் சேர்ந்து 500 நாளில் முழு விநாடி ஆகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு விநாடி முந்தும் கடிகாரத்தை மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் பின்னே தள்ளி வைப்பதைப் போன்றதுதான் இது. அந்தக் கடிகாரம் நாளுக்கு நாள் மேலும் வேகமாக ஓட வேண்டும் என்ற அவசியமில்லை.

1972இல் நடைமுறைக்கு வந்த இன்றைய யூடிசி ஒரு சமரசம். அதன் விநாடி அணு விநாடி. ஆனால் பூமியின் சுழற்சியைக் கொண்டு அளக்கும் நேரத்திலிருந்து அது 0.9 விநாடிக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. விலகல் அந்த எல்லையை நெருங்கினால் ஜூன் 30 அல்லது டிசம்பர் 31 இறுதியில் ஒரு விநாடி சேர்க்கப்படும். பாரிஸ் வானாய்வகத்தில் இயங்கும் பூமிச் சுழற்சிச் சேவை மையம், இதை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன்பு அறிவிக்கிறது. லீப் வருடத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. 2096 லீப் வருடம் என்று இன்றே சொல்லிவிடலாம். லீப் விநாடிக்குச் சூத்திரம் இல்லை. பூமியை அளந்து பார்த்த பிறகுதான் தெரியும். எனவே ஒவ்வொரு கணினிக்கும் இதை வெளியிலிருந்து யாராவது சொல்லியாக வேண்டும்.

சொன்னாலும் அதை எங்கே எழுதி வைப்பது என்பதுதான் சிக்கல். யூனிக்ஸ் வழிவந்த எல்லா இயங்குதளங்களும் நேரத்தை ஒற்றை எண்ணாக வைத்திருக்கின்றன: 1970 ஜனவரி முதல் தேதி நள்ளிரவு தொடங்கி எத்தனை விநாடிகள். இந்த எண்ணை அப்படித்தான் எல்லோரும் விளக்குவார்கள். ஆனால் அந்த விளக்கம் சரியன்று. இதை வரையறுக்கும் போசிக்ஸ் தரநிலை, கடந்துபோன விநாடிகளை எண்ணச் சொல்லவில்லை. நாட்காட்டித் தேதியை எடுத்து ஒரு சூத்திரத்தில் போடச் சொல்கிறது. அந்தச் சூத்திரத்தில் எல்லா நாளும் சரியாக 86,400 விநாடி. 2017 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு, 1970இலிருந்து 17,167 நாட்கள் கழிந்திருந்தன. அதனால் அன்றைய நள்ளிரவின் எண் 17,167 பெருக்கல் 86,400, அதாவது 1483228800. இடையில் வந்த 27 லீப் விநாடிகள் இந்தப் பெருக்கலில் எங்கும் இல்லை.

இந்தத் தேர்வைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதனால் எந்த எண்ணையும் 86,400ஆல் வகுத்தால் நாள் கிடைக்கும், மீதியில் மணி கிடைக்கும். எந்த அட்டவணையும் தேவையில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டம் ஒன்றின் நேரத்தை இன்றே துல்லியமாக எண்ணாக மாற்றி வைத்துவிடலாம். விலை என்னவென்றால், லீப் விநாடி வரும் நாளில் 86,401 விநாடிகள் இருக்கும், அவற்றுக்கு எண்கள் 86,400தான் இருக்கும். ஏதோ ஓர் எண்ணை இரண்டு விநாடிகள் பகிர்ந்துகொண்டாக வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகம் அன்று செய்தது இதுதான்:

```
23:59:58   1483228798
23:59:59   1483228799
23:59:60   1483228799
00:00:00   1483228800
```

59ஆம் விநாடி முடிந்ததும் கடிகாரம் ஒரு விநாடி பின்னே தள்ளப்படுகிறது. அதே எண் மறுபடியும் ஓடுகிறது. நேரம் பின்னோக்கிச் செல்லாது என்று நம்பி எழுதப்பட்ட எந்த நிரலுக்கும் இது எதிர்பாராத நிகழ்வு. நம்புகிறோம் என்பதுகூடத் தெரியாமல் நம்பியிருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

அன்று இணைய உள்கட்டமைப்பு நிறுவனமான கிளவுட்ஃப்ளேரில் நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் அவர்களது மென்பொருளின் பெயர் ஆர்ஆர்டிஎன்எஸ். கோ மொழியில் எழுதப்பட்டது. சில பெயர்கள் வேறொரு பெயரைச் சுட்டும். அப்போது அது இன்னொரு பெயர்ச் சேவையகத்தைக் கேட்டாக வேண்டும். கேட்கக்கூடிய சேவையகங்கள் பல இருப்பதால், எது எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறது என்று அளந்து, விரைவானதை அதிகம் தேர்ந்தெடுக்கும்படி எழுதியிருந்தார்கள். அளக்கும் முறை நாம் எல்லோரும் எழுதுவதுதான்: கேள்வியை அனுப்பும்போது நேரத்தைக் குறித்துக்கொள், பதில் வந்ததும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழி.

```go
rtt := time.Now().Sub(start)
```

இந்த வரியை 20 மில்லி விநாடியில் வரும் ஒரு பதிலுக்குப் பொருத்திப் பார்ப்போம். கேள்வி 23:59:59 முடிய 10 மில்லி விநாடி இருக்கும்போது புறப்படுகிறது. அப்போது கடிகாரம் காட்டுவது 1483228799.990. 10 மில்லி விநாடி கழித்து லீப் விநாடி தொடங்குகிறது, கடிகாரம் 1483228799.000க்குத் திரும்புகிறது. மேலும் 10 மில்லி விநாடியில் பதில் வந்து சேர்கிறது. கடிகாரம் காட்டுவது 1483228799.010. கழித்தால் கிடைப்பது −0.980 விநாடி. அதாவது கேள்வி புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி முன்பே பதில் வந்துவிட்டதாகக் கணக்கு சொல்கிறது.

எதிர்மறை எண் மட்டும் யாரையும் வீழ்த்தாது. அந்த அளவு, சேவையகத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்குப் போகிறது. அங்கே சமவாய்ப்பு எண் ஒன்றைப் பெற `rand.Int63n` என்ற செயற்கூறு அழைக்கப்படுகிறது. அதற்குத் தரும் எல்லை நேர்மறையாக இல்லாவிட்டால் அது பிழை மதிப்பு எதையும் திருப்பித் தராது. நிரலையே அந்த இடத்தில் முறித்துவிடும். எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். இன்னும் எந்த அளவும் எடுக்கப்படாதபோது எல்லை பூச்சியமாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து அதற்கு ஒரு காப்பு வைத்திருந்தார்கள்:

```go
if rttMax == 0 {
	rttMax = DefaultTimeout
}
```

பூச்சியத்தை எதிர்பார்த்தார்கள், பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று எதிர்பார்க்கவில்லை. திருத்தமும் ஓர் எழுத்துதான்: `==` என்பது `<=` ஆயிற்று. பாதிப்பு உச்சத்தில் இருந்தபோதும் அவர்களுக்கு வந்த பெயர்க் கேள்விகளில் ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான் தவறியது. மோசமாகப் பாதிக்கப்பட்ட கணினிகள் ஒன்றரை மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டன. யூடிசி 06:45க்குள் திருத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, கடிகாரம் பின்னே போனது ஒரே ஒரு முறை, ஒரு கணத்தில். விளைவோ மணிக்கணக்கில் நீண்டது. தவறான அளவு நினைவில் தங்கிவிட்டதால், அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் நிரல் முறிந்தது.

அந்த வரியின் உண்மையான பிழை எதிர்மறையைச் சோதிக்காதது அன்று என்பது என் கருத்து. “இப்போது மணி என்ன” என்ற கேள்விக்கான கடிகாரத்திடம் “எவ்வளவு நேரம் ஆயிற்று” என்று கேட்டதுதான் பிழை. இயங்குதளங்கள் இரண்டாவது கேள்விக்குத் தனிக் கடிகாரம் வைத்திருக்கின்றன. லினக்ஸில் முதலாவது `CLOCK_REALTIME`, இரண்டாவது `CLOCK_MONOTONIC`. பின்னது எந்தத் தேதியையும் குறிக்காது. கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து முன்னோக்கி மட்டுமே ஓடும். யாரும் அதைப் பின்னே தள்ள முடியாது. பைத்தானில் `time.time()`, `time.monotonic()` என்ற இரண்டும் இதே பிரிவினைதான். அன்றைய கோ மொழியின் நூலகத்தில் இரண்டாவது கடிகாரத்தைக் கேட்க நேரடி வழியே இருக்கவில்லை. 2017 ஆகஸ்டில் வந்த கோ 1.9 முதல் `time.Now()` இரண்டு கடிகாரங்களையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறது. கழிக்கும்போது தானாகவே இரண்டாவதைப் பயன்படுத்துகிறது. பழைய நிரல்களில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அவை சரியாயின. இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சரியான கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதோடு எல்லாம் முடிந்துவிடாது. கருவகமே தடுமாறியதும் உண்டு. 2012 ஜூன் 30 லீப் விநாடியின்போது லினக்ஸ் கருவகம் நேரத்தைச் சரியாகவே ஒரு விநாடி பின்னே தள்ளியது. ஆனால் அந்த மாற்றத்தை, தூங்கும் நிரல்களை எழுப்பும் தன் துணை அமைப்புக்குத் தெரிவிக்கத் தவறியது. அந்தத் துணை அமைப்பு, கடிகாரத்துக்குத் தன்னளவில் ஒரு நகல் கணக்கு வைத்திருந்தது. அது இப்போது ஒரு விநாடி முந்திக்கொண்டு ஓடியது. அரை விநாடி கழித்து எழுப்பு என்று கேட்ட நிரலை, அந்த நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டதென்று எண்ணி உடனே எழுப்பியது. எழுந்த நிரல் மணியைப் பார்த்தது; இன்னும் நேரம் ஆகவில்லை; மறுபடி தூங்கக் கேட்டது; மறுபடி உடனே எழுப்பப்பட்டது. ஜாவா நிரல்களும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களும் இப்படி இடைவிடாமல் சுழன்று செயலியை முழுதாக விழுங்கின. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் அந்த இரவில் தன் தரவு மையங்களின் மின்நுகர்வு சுமார் ஒரு மெகாவாட் உயர்ந்ததாகத் தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதியது.

அப்போது பரவிய மருந்து இது:

```
date -s "`date`"
```

இப்போதைய நேரத்தையே மறுபடியும் அமை என்று சொல்வது. பார்ப்பதற்குப் பொருளற்றது. ஆனால் நேரத்தை அமைக்கும் அந்த வழியில் சென்றால், கருவகம் தன் துணை அமைப்புக்குச் செய்தி சொல்லும் படியும் சேர்ந்தே நடக்கும். விடுபட்ட படி அதுதான். கணினியை மறுதொடக்கம் செய்யாமலே சுழற்சி நின்றுவிடும். இத்தகைய கோளாறு லீப் விநாடியால் வந்ததா என்று அறிய, கருவகப் பதிவில் `Clock: inserting leap second 23:59:60 UTC` என்ற வரி இருக்கிறதா என்றும், செயலிச் சுமை ஏறியது சரியாக அந்தக் கணத்திலா என்றும் பார்த்தால் போதும்.

கருவகக் குறைகளைத் திருத்தலாம். உலகில் உள்ள எல்லா நிரல்களையும் திருத்த முடியாது. அதனால் பெரிய நிறுவனங்கள் வேறு வழியில் சென்றன. ஒரு விநாடியை ஒரே இடத்தில் செருகாமல், நாள் முழுவதும் பரப்பிக் கரைத்துவிடுவது. யூடிசி நண்பகலில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை, ஒவ்வொரு விநாடியையும் சுமார் 11.6 மைக்ரோ விநாடி நீட்டினால், 24 மணி நேரத்தில் சரியாக ஒரு விநாடி சேர்ந்துவிடும். நமது நேரத்தில் அது மாலை 5:30 முதல் மறுநாள் மாலை 5:30 வரை. எந்த எண்ணும் இருமுறை வராது, கடிகாரம் பின்னே போகாது, 23:59:60 என்ற எழுத்தே எங்கும் தோன்றாது. பைத்தானின் `datetime` 60ஆம் விநாடியைப் பிழையென்று தள்ளிவிடும் என்பதை நினைத்தால், அது தோன்றாதிருப்பதே பெரிய நிம்மதி.

கூகுள் 2008 லீப் விநாடியிலேயே இதைத் தொடங்கியது, அமேசானும் பின்பற்றுகிறது. ஆனால் கரைக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. மெட்டா தன் முறையில் 17 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நண்பகல் முதல் நண்பகல் வரை கரைக்கும் சேவையகம், நள்ளிரவில் உண்மை யூடிசியிலிருந்து அரை விநாடி விலகியிருக்கும். நேரத்தை வலைவழி பரப்பும் என்டிபி நெறிமுறையில், வரவிருக்கும் லீப் விநாடியை அறிவிக்க இரண்டு பிட்டுகள் உண்டு. நான் கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆகையால் ஒரு கணினியின் அமைப்பில் கரைக்கும் சேவையகத்தையும் கரைக்காத சேவையகத்தையும் கலந்து வைத்தால், அரை விநாடி வேறுபாட்டில் யார் பக்கம் உண்மை என்று அதற்குத் தெரியாது. இப்படிக் கலந்து வைக்கவே கூடாது என்று கூகுள் தன் பயனர்களை எச்சரிக்கிறது. ஒரு நிறுவனத்துக்குள் கரைத்தல் நல்ல தீர்வு. இரண்டு நிறுவனங்களின் பதிவுகளை அருகருகே வைத்து எது முன்பு நடந்தது என்று பார்க்க வேண்டிய இடத்தில், அந்த நாளுக்கு மட்டும் அது பயன்படாது.

இதற்கிடையில் பூமி தன் போக்கை மாற்றிக்கொண்டது. 1972 முதல் 1998 வரை 22 லீப் விநாடிகள் வந்தன. அதன் பிறகு ஐந்துதான். 2020 முதல் பல நாட்கள் 86,400 விநாடியைவிடச் சற்றுக் குறைவாகவே முடிந்திருக்கின்றன. நிலவின் இழுப்பு மாறவில்லை. பூமியின் உருகிய கருவுக்கும் அதைச் சூழ்ந்த திடப் பகுதிக்கும் இடையிலான சுழற்சிப் பரிமாற்றமே பல பத்தாண்டுகள் நீளும் இத்தகைய ஏற்ற இறக்கங்களுக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. இது நீடித்தால் 23:59:58க்குப் பிறகு நேராக 00:00:00 வர வேண்டிய நாள் வரக்கூடும். விதிகளில் இதற்கு 1972 முதலே இடமுண்டு, ஒருமுறைகூட நடந்ததில்லை. போசிக்ஸ் எண்ணுக்கு இது எளிது, எந்த எண்ணும் இருமுறை வராது, ஓர் எண் வராமலே போகும், அவ்வளவுதான். ஆனால் 27 முறை பழகிய கூட்டலிலேயே இத்தனை பிழைகள் வெளிப்பட்டன என்றால், ஒருமுறையும் உண்மையில் ஓடிப் பார்க்காத கழித்தல் நிரல்களை நம்ப எனக்குத் துணிவில்லை.

2022 நவம்பரில் வெர்சாய் நகரில் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு, 0.9 விநாடி என்ற எல்லையை 2035க்குள் உயர்த்துவது என்று முடிவெடுத்தது. எல்லை ஒரு நிமிடம் என்ற அளவுக்கு விரிந்தால் நூறாண்டு அளவில் யாரும் யூடிசியைத் தொட வேண்டியிராது. ஜிபிஎஸ் தன் நேரத்தில் லீப் விநாடிகளைச் சேர்ப்பதே இல்லை. இன்று அது யூடிசியைவிட 18 விநாடி முன்னே ஓடுகிறது. புதிதாக விநாடி சேராவிட்டால் அந்த 18 அப்படியே உறையும்.

ஏற்கெனவே சேர்ந்த 27 விநாடிகளை எந்தத் தீர்மானமும் எடுத்துவிடாது. நிலநடுக்கப் பதிவானாலும் செயற்கைக்கோள் பாதையானாலும், 1972க்கும் 2017க்கும் இடையிலான ஒரு நீண்ட கால அளவை விநாடித் துல்லியத்தில் வேண்டுபவர், எந்த விநாடி எப்போது சேர்ந்தது என்ற அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கழிக்க வேண்டும். 2016 டிசம்பர் 31, 23:59:59 தொடங்கிய கணத்திலிருந்து மறுநாள் 00:00:00 தொடங்கிய கணம் வரை இரண்டு விநாடிகள் கடந்தன. கணினியில் சேமிக்கப்பட்ட எண்களைக் கழித்தால் இன்றும் இதுதான் வரும்:

```
1483228800 - 1483228799 = 1
```